ஆண்டு விழா பட்ஜெட்: கூட்டல் சரி, பணம் எங்கே?

"நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. இந்த முறை ஆண்டு விழாவுக்கு பட்ஜெட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தச் செலவு 1,20,000. நிர்வாகம் 50,000 தருகிறது. மூன்று ஸ்பான்சர்கள் மூலம் 40,000, ஸ்டால்கள் மூலம் 30,000 வரும் என்று எழுதி வரவையும் செலவையும் நேர் செய்துவிட்டேன். தலைமை ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'இது நிற்காது டீச்சர், திரும்பப் போடுங்கள்' என்று கொடுத்துவிட்டார். கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே இடிக்கிறது? பட்ஜெட்டையும் விவரங்களையும் இணைத்திருக்கிறேன்."

உங்கள் தலைமை ஆசிரியர் சொன்னது சரி. நீங்கள் இணைத்த தாள்களை வைத்து நான் போட்டுப் பார்த்ததில் சுமார் 36,000 துண்டு விழுகிறது. செலவுப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. மேடைக்கும் ஒலி ஒளிக்கும் கொட்டேஷன் வாங்கி எழுதியிருக்கிறீர்கள், பலர் அதைக்கூடச் செய்வதில்லை. கோளாறு முழுக்க வரவுப் பக்கம்தான். அங்கே நிர்வாகம் தரும் 50,000 ஒன்றுதான் பணம். மீதி 70,000-ல் பொருள் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, விற்பனை இருக்கிறது. எல்லாவற்றையும் பணம் என்றே எழுதிவிட்டீர்கள்.

முதலில் ஸ்பான்சர்கள். மூவரில் ஒருவர் 20,000 தருவதாகக் கடிதமே கொடுத்திருக்கிறார். பாதி முன்னதாகவும் மீதி விழா முடிந்து படங்கள் அனுப்பிய பிறகும் தருவாராம். இதை வரவில் வைக்கலாம். ஆனால் இரண்டு தவணையாக, இரண்டு தேதியோடு எழுதுங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாமவர் 10,000 மதிப்புள்ள கேடயங்கள் தருகிறார். நீங்கள் அதை வரவில் 10,000 என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் செலவுத் தாளில் பரிசுகளுக்கு 15,000 இருக்கிறது, அதில் கேடயங்களுக்கு ஒதுக்கியது 6,000 மட்டும். அப்படியென்றால் அவர் தருவதால் உங்களுக்கு மிச்சமாவது 6,000. அவர் வாங்கும் கேடயம் உயர்ந்த ரகமாக இருக்கலாம், 10,000-க்கு பில்லும் வைத்திருக்கலாம். ஆனால் மேற்கொண்டு இருக்கும் அந்த 4,000-ஐ நீங்கள் ஒலி ஒளிக்காரரிடம் கொடுக்க முடியாது. பொருளாக வரும் எதையும், 'இது வராவிட்டால் நான் எவ்வளவு செலவழித்திருப்பேன்' என்ற தொகைக்குத்தான் மதிப்பிட வேண்டும். அதுவும் வரவில் கூட்டுவதைவிட, செலவில் கழித்துவிட்டால் குழப்பமே இல்லை. பரிசுச் செலவு 9,000 ஆகிறது, அவ்வளவுதான். விழா அறிக்கையில் அவர் பெயரையும் கேடயத்தின் முழு மதிப்பையும் தாராளமாகப் போடுங்கள், அது வேறு விஷயம்.

மூன்றாமவர் பெயருக்கு எதிரே 10,000 போட்டு, பக்கத்தில் பென்சிலால் 'பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பென்சில் குறிப்பைத்தான் தலைமை ஆசிரியரும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு அவரிடமிருந்து வருவது பூஜ்யம்.

இன்னொன்று. ஸ்பான்சர் வந்தால் செலவும் கூடவே வரும். பெயர் போட்ட பேனர், மேடையில் கொடுக்கும் நினைவுப் பரிசு எல்லாம் சேர்த்து 3,000 ஆகலாம். உங்கள் தாளில் அது எங்கேயும் இல்லை. ஆகவே செலவு 1,20,000-ல் கேடயத்துக்காக 6,000 கழித்து, இதற்காக 3,000 கூட்டினால் 1,17,000.

இனி ஸ்டால். உண்மையான ஓட்டை இங்கேதான். உங்களுடைய 10 ஸ்டால்களில் 6 வெளியாருக்கு வாடகைக்கு, ஒன்றுக்கு 1,500. ஆக 9,000. மீதி 4 ஸ்டால்களை மாணவர்கள் நடத்துகிறார்கள். அதற்கு 600 மாணவர்கள், ஆளுக்கு 35 என்று பெருக்கி 21,000 போட்டிருக்கிறீர்கள். தலைக்கு இவ்வளவு என்று பெருக்கும் இந்தக் கணக்கைக் கைவிடுங்கள். ஸ்டால் வசூலை முடிவு செய்வது தலை எண்ணிக்கை அல்ல, நேரம். எவ்வளவு நேரம் ஸ்டால் திறந்திருக்கிறது, ஒரு விற்பனைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் நிகழ்ச்சி நிரல்படி, நிகழ்ச்சி தொடங்குமுன் 60 நிமிடம், இடைவேளை 20 நிமிடம். மேடையில் நிகழ்ச்சி நடக்கும்போது ஸ்டால் பக்கம் ஆள் வராது, தன் பிள்ளை ஆடுவதை விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஆகவே கையில் இருப்பது 80 நிமிடம், அதாவது 4,800 நொடி. நீங்கள் எதிர்பார்க்கும் 21,000 வர வேண்டுமானால் ஒவ்வொரு ஸ்டாலும் 5,250 விற்க வேண்டும். தின்பண்ட ஸ்டாலில் ஒருவர் சராசரியாக 25-க்கு வாங்குகிறார் என்று வைத்தால் 210 விற்பனை. 80 நிமிடமும் மூச்சு விடாமல் 23 நொடிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நின்று, டோக்கனை வாங்கிக் கிழித்து, பொருளை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இது நடக்காது. முதல் 20 நிமிடம் ஆளே இருக்காது, இடைவேளையில் வரிசை சுற்றி நிற்கும், மணி அடித்ததும் பாதி வரிசை வாங்காமலே கலைந்துவிடும். 100 விற்பனை நடந்தால் நல்ல நாள். ஒரு ஸ்டாலுக்கு 2,500, இரண்டு தின்பண்ட ஸ்டால்களுக்கு 5,000.

விளையாட்டு ஸ்டால் இன்னும் மெதுவானது. ஒரு ஆட்டம் 2 நிமிடம் பிடித்தால் 80 நிமிடத்தில் 40 ஆட்டம். இரண்டு செட் வைத்தால் 80 ஆட்டம். ஆட்டத்துக்கு 20 என்றால் 1,600, அதற்கு மேல் எவ்வளவு கூட்டம் நின்றாலும் வராது. கைவினைப் பொருள் ஸ்டாலில் நேரம் தடையில்லை, சரக்குதான் தடை. பிள்ளைகள் செய்திருப்பது 60 பொருள், ஒன்று 40. மூன்றில் இரண்டு பங்கு போனால் 1,600. நான்கும் சேர்ந்து 8,200. 21,000 என்று எழுதியது இவ்வளவுதான்.

இதிலும் முழுதும் உங்களுடையது அல்ல. தின்பண்டச் சரக்கு, மிஞ்சி வீணாவதையும் சேர்த்து 2,800. கைவினைப் பொருளுக்கு 600, விளையாட்டுப் பரிசுகளுக்கு 400, நான்கு ஸ்டால்களுக்கு மேசை, விளக்கு வாடகை தலா 300 வீதம் 1,200. மொத்தம் 5,000. நிகரமாகக் கையில் நிற்பது 3,200. வெளியாருக்கு விடும் ஸ்டாலுக்கும் அதே 300 கழித்தால் ஒன்றுக்கு 1,200, ஆறுக்கு 7,200. ஆக ஸ்டால் வருமானம் 10,400. இதைப் பார்த்து மாணவர் ஸ்டால்களை எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் விற்கவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொள்ளும் இடம் அது. விழாச் செலவை அதன் தலையில் கட்டக்கூடாது என்பதுதான் நான் சொல்வது.

இப்போது நிலவரம்: செலவு 1,17,000. வரவு 50,000, 20,000, 10,400 சேர்ந்து 80,400. துண்டு 36,600.

இதை அடைக்க இன்னும் இரண்டு ஸ்பான்சரைத் தேடுவது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் செலவிலிருந்து தொடங்குவேன். உங்கள் மேடைக் கொட்டேஷன் 45,000, இரண்டு நாள் வாடகை. முந்தின நாள் ஒத்திகைக்காக மேடை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேடையின் அளவை மைதானத்திலோ கூடத்திலோ சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி குறித்துவிட்டால் ஒத்திகைக்கு அது போதும். படி ஏறுவது ஒன்றைத்தான் விழா அன்று காலை பழக்க வேண்டும். அதிகாலையில் மேடை போட்டு முடிக்கச் சொல்லி ஒரு நாள் வாடகையாகப் பேசினால் 9,000 குறையும் என்று வைக்கிறேன், பேசிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உடையில், அடுத்தடுத்து வராத இரண்டு நடனங்களுக்கு ஒரே செட்டைக் கொடுத்து மேலாடையை மட்டும் மாற்றினால் 5,000. சிற்றுண்டியை மேடையேறும் பிள்ளைகளோடும் விருந்தினர்களோடும் நிறுத்தினால் 4,000. அச்சடித்த அழைப்பிதழ் விருந்தினருக்கு மட்டும், பெற்றோருக்கு போனில் என்றால் இன்னொரு 4,000. இதுவரை 22,000. துண்டு 14,600-க்கு இறங்கிவிட்டது.

அடுத்தது அந்தப் 'பார்த்துச் சொல்கிறேன்' ஸ்பான்சர். ஒலி ஒளிக்கான 25,000-ல் 10,000 சிறப்பு விளக்குகளுக்கு. அது இல்லாவிட்டாலும் விழா நடக்கும். ஆகவே அந்த 10,000-ஐ பட்ஜெட்டிலிருந்து எடுத்துத் தனி வரியாக வைத்து, 'மூன்றாவது ஸ்பான்சர் உறுதியானால் மட்டும்' என்று எழுதுங்கள். அவரிடமும் வெறுமனே நன்கொடை கேட்காமல், விளக்குக்காரரின் கொட்டேஷனைக் காட்டி, 'இதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா, நேரடியாக அவருக்கே கொடுத்துவிடலாம்' என்று கேட்டுப் பாருங்கள். இன்னதற்கு என்று தெரிந்தால் பலர் சீக்கிரம் முடிவு சொல்வார்கள். கடைசி நாள் எது என்பதற்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உறுதி வந்தவர்களின் பெயர்தான் அழைப்பிதழில் வரும் என்று சொல்வதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. வரவில்லையா, சிறப்பு விளக்கை விட்டுவிடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

மீதம் 4,600. வாடகை ஸ்டால் இன்னும் மூன்று சேர்க்க இடம் இருக்கிறது என்று உங்கள் மைதான வரைபடத்தைப் பார்த்தால் தெரிகிறது. மூன்றுக்கு 3,600. ஒரே மாதிரிப் பொருளை இரண்டு பேருக்கு விடாதீர்கள், மாணவர் ஸ்டாலில் விற்பதை வெளியாருக்கும் விடாதீர்கள். வாடகையை முழுவதும் முன்னதாக வாங்கிவிடுங்கள். 'அன்றைக்கு விற்றுத் தருகிறேன்' என்பவர் மழை பெய்தால் வரவே மாட்டார். விற்பனையில் பங்கு தருகிறேன் என்பவரும் வேண்டாம், அவர் எவ்வளவு விற்றார் என்று எண்ண உங்களிடம் ஆள் இல்லை.

இப்போது செலவு 85,000, வரவு 84,000. வித்தியாசம் 1,000. எதிர்பாராததற்கு ஒரு 4,000 சேர்த்து, நிர்வாகத்திடம் கூடுதலாக 5,000 கேளுங்கள். 36,000-க்குப் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதோடு முடியவில்லை. ஸ்பான்சர் தொகையைத் தேதியோடு எழுதச் சொன்னேன் இல்லையா? விழாவுக்கு முன்பே வெளியே போகும் பணத்தைப் பாருங்கள். மேடைக்கு முன்பணம் 18,000, ஒலி ஒளிக்கு 7,500, உடை வாடகை 10,000, அச்சு 4,000, பரிசுகள் 9,000, பேனரும் நினைவுப் பரிசும் 3,000, ஸ்டால் சரக்கு 3,800, டோக்கன் கவுண்டருக்குச் சில்லறை 2,000. மொத்தம் 57,300. அதற்குள் உள்ளே வருவது நிர்வாகத்தின் 50,000, ஸ்பான்சரின் முதல் பாதி 10,000, ஸ்டால் வாடகை ஒன்பதுக்கு 13,500. ஆக 73,500. விழா அன்று காலையில் கையில் 16,200 இருக்கும். இதுவரை நிம்மதி.

அன்று இரவு மேடைக்காரர் மீதி 18,000 கேட்பார், ஒலி ஒளிக்காரர் 7,500, சிற்றுண்டி 8,000, ஸ்டால் மேசை வாடகை 3,900. மொத்தம் 37,400. கையில் இருக்கும் 16,200, மாணவர் ஸ்டால் விற்பனை 8,200, திரும்பி வரும் சில்லறை 2,000 எல்லாம் சேர்ந்து 26,400. ஸ்பான்சரின் இரண்டாம் பாதி இன்னும் வரவில்லை. தாளில் 1,000 துண்டு விழுந்த பட்ஜெட், மேடையைப் பிரிக்கும் நேரத்தில் 11,000 துண்டு விழுகிறது. இப்படிப்பட்ட இரவில்தான் ஆசிரியர்கள் தங்கள் பர்ஸைத் திறக்கிறார்கள். அந்தப் பணம் பிறகு எந்தக் கணக்கிலும் ஏறாமல் தொங்கும். ஆகவே கூடுதல் 5,000 போக, ஸ்பான்சரின் மீதித் தொகை வரும்வரை 10,000 கைமாற்றாக வேண்டும் என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். அல்லது ஸ்பான்சரிடம் முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். படங்களை அனுப்புவதாகப் பள்ளி லெட்டர்ஹெட்டில் உறுதி கொடுத்தால் சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

டோக்கன் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மாணவர் ஸ்டால்களில் காசு வாங்கவே வேண்டாம், ஒரே கவுண்டரில் வரிசை எண் போட்ட டோக்கன் மட்டும். விழாவுக்கு முந்தைய வாரமே வகுப்புகளில் விற்றால் பணம் முன்னதாக வரும், எவ்வளவு சரக்கு வாங்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பயன்படுத்தாத டோக்கனுக்குப் பணம் திருப்பித் தர வேண்டியிருக்கும். எனவே முன்கூட்டி விற்ற தொகையை அப்படியே வருமானம் என்று எழுதாதீர்கள், ஸ்டால்களுக்கு வந்து சேர்ந்த டோக்கனை எண்ணி அதைத்தான் எழுத வேண்டும்.

கவுண்டரில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, காலையில் கொடுத்த சில்லறை 2,000-ஐயும் சேர்த்து எண்ணி வசூல் 10,200 என்று அறிவிப்பது. இரண்டு, அவசரத்துக்குக் கல்லாவிலிருந்தே எடுத்துச் சிற்றுண்டிக்காரருக்குக் கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் வசூலும் குறைந்து தெரியும், செலவும் பதிவாகாது. ஸ்டால் ஏன் போகவில்லை என்று மறுநாள் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கல்லாவை மூடியதும் இருவர் ஒரே அறையில் எண்ணி, விற்ற முதல் எண், கடைசி எண், இருந்த பணம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அதிலிருந்து யாருக்கும் கொடுக்கலாம். கொடுப்பதற்கும் ஒரு ரசீது.

தலைமை ஆசிரியரிடம் திரும்பப் போகும்போது இரண்டே தாள் போதும். ஒன்றில் செலவு 85,000, வரவு 84,000, சிறப்பு விளக்குக்கான தனி வரி, கேட்கும் 5,000. இன்னொன்றில் எந்தத் தேதியில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, அந்த 10,000 கைமாற்று எப்போது திரும்பும். பணம் மிஞ்சினால் எங்கே போகும் என்பதையும் இப்போதே ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விழா முடிந்ததும் அந்தப் பணத்துக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.